பூஜ்ய நிலை என்பது யாது?

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள், நோய் என்று வந்துவிட்டால் மூன்று மொழிகளில் செய்தி கேட்கின்றன. மருத்துவச் சீட்டில் எழுதியிருப்பது ஆங்கிலம். செவிலியர் எடுத்துரைப்பது தெலுங்கு. இரவில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நாம் பேசிக்கொள்வது தமிழ். ஒரு சொல் இம்மூன்று வாயில்களையும் கடந்து வருவதற்குள் அதன் பொருள் சில வேளைகளில் தேய்ந்துபோகிறது. சில வேளைகளில் ஊதிப் பெருத்துவிடுகிறது. அப்படிப்பட்ட சொல் ஒன்றைப் பற்றியே இம்மாத இதழில் எழுத முற்பட்டோம். 'ஸ்டேஜ் ஜீரோ' என்பது அச்சொல். மார்பகத்தில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கு மருத்துவர் இட்ட பெயர் அது.

ஒரு வீட்டில் அதைக் கேட்டவர்கள், "பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே பொருள்?" என்று சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். மற்றொரு வீட்டில், "புற்று என்று எழுதியிருக்கிறதே! மார்பு முழுவதையும் உடனே எடுத்துவிடுங்கள்" என்று கதறுகிறார்கள். ஒரே சீட்டு இரண்டு வீடுகளை எதிரெதிர்த் திசைகளில் ஓட்டுகிறது. இவ்விரு வீட்டாரையும் நாம் நேரில் அறிவோம். ஆதலால் இச்சொல்லின் பொருளைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுடையதாகும்.

மார்பகத்தின் உட்புறத்தில் பால் சுரக்கும் சிறு மடல்கள் உள்ளன. அங்கிருந்து காம்பு வரையில் பாலைக் கொண்டுவரும் நுண்ணிய குழாய்கள் உள்ளன. இக்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களால் ஆனது. அவ்வணுக்களுக்கு வெளியே மெல்லிய சவ்வு ஒன்று குழாயைச் சுற்றிலும் வேலிபோல் அமைந்துள்ளது. இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அவ்வேலிக்கு வெளியேதான் ஓடுகின்றன. உட்சுவரின் அணுக்கள் சில கட்டுக்கடங்காமல் பெருகிக் குழாயின் உட்பகுதியை நிரப்பிவிடுவதுண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை புற்றணுக்களைப் போன்றே காணப்படும். ஆனால் வேலியாகிய சவ்வை அவை இன்னும் தாண்டவில்லை. இதற்கே மருத்துவர்கள் 'டக்டல் கார்சினோமா இன் சைட்டு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். சுருக்கமாக 'டி.சி.ஐ.எஸ்.' என்று எழுதுவார்கள். பாற்குழாய்க்குள் தன் இடத்திலேயே தங்கியிருக்கும் புற்று என்பது அதன் பொருள்.

நமக்குப் பழகிய ரயில்வே உவமை ஒன்றால் இதை விளக்கலாம். யார்டுக்குள் நிற்கும் சரக்கு வண்டியில் எவ்வளவு பெட்டிகளை வேண்டுமாயினும் கோக்கலாம். யார்டு நிரம்பி வழியவும் செய்யலாம். எனினும் மெயின் லைனில் ஏறாத வரையில் அவ்வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போக வழியில்லை. குழாய்க்குள் இருக்கும் அணுக்களின் நிலையும் அத்தகையதே. இரத்தமும் நிணநீரும்தான் அவற்றுக்கு மெயின் லைன். அங்கே ஏறினால்தான் அக்குளுக்கோ எலும்புக்கோ நுரையீரலுக்கோ செல்ல முடியும்.

புற்றுநோயின் நிலையை மருத்துவர் எண்ணிட்டுக் குறிப்பது, அது எத்தனை தூரம் பயணம் செய்துள்ளது என்பதை அறிவதற்காகவே. சவ்வைத் தாண்டிப் பக்கத்துத் திசுவில் புகுந்த கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்து, அக்குளுக்கும் பரவாதிருந்தால், பொதுவாக அது முதல் நிலை. எலும்பு, ஈரல் போன்ற தொலைவிடங்களுக்குப் போய்விட்டால் நான்காம் நிலை. டி.சி.ஐ.எஸ். இன்னும் புறப்படவே இல்லை, ஆகையால் பூஜ்யம். அது குழாய் வழியே ஐந்து சென்டிமீட்டர் நீளம் பரவியிருந்தாலும் பூஜ்யந்தான். ஐந்து மில்லிமீட்டரே இருந்தாலும் பூஜ்யந்தான். பூஜ்யம் என்னும் எண் பயணத்தின் தூரத்தைச் சொல்கிறதே ஒழிய, நோயின் அளவையோ குணத்தையோ சொல்லவில்லை.

குணத்தைச் சொல்வதற்கு வேறொரு சொல் சீட்டில் இருக்கும். அது 'கிரேடு'. இதைத் தமிழில் 'தரம்' என்று மொழிபெயர்க்கும்போது ஒரு விபரீதம் நேர்கிறது. காப்பிக் கொட்டையிலும் அரிசியிலும் உயர்ந்த தரம் என்றால் நாம் மகிழ்ந்து வாங்குகிறோம். இங்கேயோ உயர்ந்த கிரேடு என்பது தீய செய்தி. அணுக்களின் உட்கரு இயல்பான உருவிலிருந்து எவ்வளவு திரிந்துள்ளது என்பதை வைத்துத் தாழ்ந்தது, இடைப்பட்டது, உயர்ந்தது என மூவகையாகப் பிரிக்கிறார்கள். உயர்ந்த கிரேடில் அணுக்கள் விரைந்து பெருகும். குழாயின் நடுவில் அவை மடிந்து குவிந்து கிடப்பதும் உண்டு. ஆகவே சீட்டில் ஸ்டேஜ் என்னும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாகாது. கிரேடு என்ன என்பதையும் கூடவே படித்தல் வேண்டும்.

இந்நோய் பெரும்பாலும் கையால் தடவிப் பார்த்து அறியப்படுவதன்று. மடிந்த அணுக்களின் இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து, உப்புத் தூளைத் தூவினாற்போன்ற வெண்புள்ளிகள் மாமோகிராம் என்னும் எக்ஸ்ரே படத்தில் தெரிகின்றன. அப்புள்ளிகள்தான் முதற் சாட்சி. மேனாடுகளில் மாமோகிராம் பரவுவதற்கு முன், கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுகளில் நூற்றுக்கு ஐந்து கூட இவ்வகையாக இருக்கவில்லை. நோயறிகுறி ஏதுமில்லாத பெண்களுக்கு ஆண்டுதோறும் படமெடுக்கத் தொடங்கிய பின்னரோ, அமெரிக்காவில் அப்படங்களால் கண்டுபிடிக்கப்படும் புற்றுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இதுவாயிற்று.

விவாதம் இங்கேதான் பிறந்தது. பூஜ்ய நிலையில் இத்தனை ஆயிரம் பேரைக் கண்டுபிடித்து அறுத்தெறிந்தோமாயின், சில ஆண்டுகளில் பரவும் புற்று அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படிக் குறையவில்லை. எனவே, கண்டுபிடித்தவற்றுள் ஒரு பகுதி, விட்டுவைத்திருந்தாலும் அப்பெண்ணின் ஆயுட்காலம் முழுவதும் குழாய்க்குள்ளேயே முடங்கிக் கிடந்திருக்கும் என்று அறிஞர் சிலர் முடிவு கட்டினார்கள். அத்தகையோருக்குச் செய்த அறுவையும் கதிர் சிகிச்சையும் தேவையற்ற துன்பமே. இதைத்தான் மிகைச் சிகிச்சை என்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய மாநாடு ஒன்று, இந்நோயின் பெயரிலிருந்து 'கார்சினோமா' என்னும் சொல்லையே நீக்குவது பற்றி எண்ணிப்பார்க்க வேண்டும் என்று கூறிற்று. புற்று என்ற பெயர் உண்டாக்கும் அச்சமே பெண்களைப் பெரிய அறுவைக்குத் தள்ளுகிறது என்பது அவர்களது கருத்து.

இக்கருத்து வெறுங்கற்பனை அன்று. பாற்குழாய்க்குப் பதிலாகப் பால்மடலில் தோன்றும் இதே போன்ற மாறுதல் ஒன்றும் முன்னர் பூஜ்ய நிலைப் புற்று என்றே எண்ணப்பட்டு வந்தது. 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க நிலை அட்டவணையில் அதைப் புற்றின் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பாற்குழாய் வகையை மட்டும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதற்கு நாஷ்வில் நகரத்து வரலாறு ஒன்று விடை சொல்கிறது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1950 முதல் 1968 வரை பல்லாயிரம் பெண்களின் மார்பகத் திசுக்கள் சோதிக்கப்பட்டு, 'தீங்கற்றவை' என்று சான்றளிக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் டேவிட் பேஜ் முதலிய நோய்க்குறியியல் அறிஞர்கள் அப்பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து மீண்டும் நோக்கினார்கள். 28 பெண்களின் தகடுகளில் தாழ்ந்த கிரேடு டி.சி.ஐ.எஸ். இருந்தது. அன்று யாரும் அதைக் கவனிக்காததால், சோதனைக்கு எடுத்த திசுவைத் தவிர அவர்களுக்கு வேறு சிகிச்சையே நடக்கவில்லை. எவரும் திட்டமிடாமலே, 'விட்டுவைத்தால் என்ன ஆகும்?' என்னும் கேள்விக்கு இயற்கை எழுதிய விடை அங்கே கிடைத்தது. அந்த 28 பேரில் 11 பேருக்குப் பின்னர் பரவும் புற்று உண்டாயிற்று. அதுவும் பழைய சோதனை நடந்த அதே மார்பகத்தில், அதே பகுதியில். சிலருக்குப் பத்தாண்டுகளுக்குள், சிலருக்கு இருபது ஆண்டுகள் கழித்து, ஒருவருக்கு 42 ஆண்டுகள் கழித்து. அவர்களுள் ஐவர் அந்நோயாலேயே மாண்டனர். எஞ்சிய 17 பேருக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை.

இச்சிறு கணக்கில் இரண்டு கட்சியாருக்கும் ஆதாரம் இருக்கிறது. "பதினேழு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை பார்!" என்பார் ஒரு சாரார். "பதினொருவருக்கு ஆயிற்றே!" என்பார் மறு சாரார். கிரேடுகளுள் மிகச் சாதுவானதிலேயே கணக்கு இப்படி இருக்கிறது. தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 'இவர் பதினேழில் ஒருவர், அவர் பதினொன்றில் ஒருவர்' என்று பிரித்துச் சொல்லும் கருவி இன்றளவும் உறுதியாக அமையவில்லை. விவாதத்தின் வேர் இதுவே. மருத்துவர் அறிவற்றவர் என்பதோ, பணத்தாசை கொண்டவர் என்பதோ அன்று.

இனி, நம் குடும்பத்திலேயே நடந்த ஒன்றைக் கூறுவோம். நம் தமையனாரின் மனைவியார் சித்தூரில் வசிக்கிறார். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு வயது 52. தம் தாயின் தங்கைக்கு மார்பகப் புற்று வந்ததை எண்ணி, உடம்பில் ஒரு குறையுமில்லாதபோதே மாமோகிராம் எடுத்துக்கொண்டார். இடது மார்பகத்தில் சுண்ணப் புள்ளிகள் ஒரு சிறு கொத்தாகத் தெரிந்தன. கொத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். வேலூரில் ஒரு மருத்துவமனையில் தடித்த ஊசியால் சிறு சிறு திசுத் துண்டுகளை எடுத்துச் சோதித்தார்கள். சீட்டில் வந்த முடிவு: டி.சி.ஐ.எஸ்., இடைப்பட்ட கிரேடு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளது.

அன்று மாலை சித்தூர் வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. தமையனார், "மார்பு முழுவதும் எடுத்துவிட்டால் அச்சமே இல்லை" என்றார். அண்ணியாரின் தம்பி, "ஜீரோ என்பதை எதற்காக அறுக்க வேண்டும்? ஊரை விட்டு ஊர் அலைய வேண்டாம்" என்றார். அண்ணியார் எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு நம்மைப் பார்த்து, "தம்பி, பாதிப் பேர் பூஜ்யம் என்கிறீர்கள்; பாதிப் பேர் புற்று என்கிறீர்கள். உடம்பு என்னுடையது. டாக்டரிடம் நானே கேட்கிறேன், நீங்கள் கூட வந்து எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வாறே சென்றோம். மருத்துவர் கூறியவற்றை நம் குறிப்பேட்டிலிருந்து இங்கே தருகிறோம்.

முதலாவதாக மருத்துவர், "ஊசியில் வந்தது ஒரு பகுதியே" என்றார். ஊசிச் சோதனையில் டி.சி.ஐ.எஸ். என்று முடிவானவர்களை அறுவை செய்து முழுத் திசுவையும் பார்க்கும்போது, ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குச் சவ்வைத் தாண்டிய புற்றும் உடன் இருப்பது உலகெங்கும் கண்ட அனுபவமாம். கட்டி தென்பட்டாலோ, கிரேடு உயர்ந்திருந்தாலோ, பரப்பு பெரிதாயிருந்தாலோ அந்த ஐயம் மிகும். அண்ணியாருக்கு அவை இல்லாமையால் ஐயம் குறைவு. ஆயினும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறுவைக்கு முன் கிடைக்கும் பூஜ்யம் தற்காலிகமானது. அறுவைக்குப் பின் முழுத் திசுவையும் பார்த்துச் சொல்லும் பூஜ்யமே உறுதியானது.

இரண்டாவதாக மூன்று வழிகளை எடுத்து வைத்தார். புள்ளிகள் உள்ள பகுதியை மட்டும் அகற்றுவது ஒன்று. அகற்றிய பின் கதிர் சிகிச்சையும் சேர்ப்பது மற்றொன்று. அறுவையே செய்யாமல் ஆறு மாதத்துக்கொரு முறை படமெடுத்துக் கண்காணிப்பது மூன்றாவது. மார்பு முழுவதையும் எடுப்பது, பல இடங்களில் பரவியிருப்பவர்களுக்கும் கதிர் சிகிச்சை பெற இயலாதவர்களுக்கும் உரியதென்றும், ஒன்பது மில்லிமீட்டருக்கு அது வேண்டுவதில்லை என்றும், அதனால் ஆயுள் கூடுவதாகவும் தெரியவில்லை என்றும் சொன்னார். தமையனாரின் முகம் அப்போதுதான் சற்றுத் தெளிந்தது.

மூன்றாவது வழியைப் பற்றி அண்ணியாரின் தம்பி ஆவலோடு கேட்டார். அதற்கு ஆதாரமான ஆராய்ச்சி அமெரிக்காவில் நடந்தது. 'காமெட்' என்பது அதன் பெயர். தாழ்ந்த அல்லது இடைப்பட்ட கிரேடு உடைய 957 பெண்களைச் சீட்டுப் போட்டு இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறுவை. மற்றதற்குக் கண்காணிப்பு மட்டும். முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளில் பரவும் புற்று கண்டவர்கள் அறுவைக் குழுவில் நூற்றுக்கு 5.9, கண்காணிப்புக் குழுவில் 4.2. கண்காணித்தவர்கள் கேடுற்றதாகத் தெரியவில்லை. மருத்துவர் இதை மறைக்காமல் சொல்லிவிட்டு, மூன்று எச்சரிக்கைகளையும் சேர்த்தார். இரண்டு குழுவிலும் பெரும்பாலோர் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை உண்டு வந்தார்கள். அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களுள் பலர் அறுவைக்கு வரவே இல்லை; ஆதலால் இரு குழுக்களும் தெளிவாகப் பிரிந்து நிற்கவில்லை. யாவற்றினும் மேலாக, இரண்டு ஆண்டு என்பது இந்நோய்க்கு மிகக் குறுகிய காலம். நாஷ்வில் பெண்களுள் சிலருக்குப் பரவும் புற்று உண்டானது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின் அல்லவா?

"ஆறு மாதத்துக்கொரு முறை அஞ்சிக்கொண்டே வாழ என்னால் ஆகாது" என்று அண்ணியார் முடிவாகக் கூறினார். ஆகவே அப்பகுதியை மட்டும் அகற்றுவதற்கு இசைந்தார். கையில் தட்டுப்படாத ஒன்றை அறுவையாளர் எவ்வாறு கண்டுபிடிப்பார் என்னும் ஐயம் நமக்கு இருந்தது. அன்று காலையில் படத்தின் துணையால் புள்ளிகள் உள்ள இடத்துக்கு மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி வைத்தார்கள். அக்கம்பியைப் பின்பற்றித் திசுவை எடுத்தபின், அந்தத் துண்டையே எக்ஸ்ரே எடுத்துப் புள்ளிகள் முழுவதும் வந்துவிட்டனவா என்று சரிபார்த்தார்கள். பிறகே தையல் இட்டார்கள். இச்சோதனை நடவாவிட்டால், புள்ளிகள் உள்ளேயே தங்கிவிடக் கூடும்.

அக்குளின் நிணநீர்க் கணுக்களை அவர்கள் தொடவில்லை. யார்டை விட்டு வண்டி புறப்படாதபோது அடுத்த ஸ்டேஷனைத் தோண்டிப் பார்ப்பானேன்? கணுக்களை முழுவதும் எடுத்துவிட்டால் கை வீங்கி, ஆயுள் முழுவதும் குடத்தைத் தூக்க முடியாமல் துன்புறும் பெண்கள் உண்டு. பூஜ்ய நிலைக்கு அக்குளை முழுவதும் வழிப்பதும், கீமோ மருந்து ஏற்றுவதும் முறையன்று. எவரேனும் அவற்றைச் சொன்னால், சவ்வைத் தாண்டிய புற்று வேறெங்கேனும் தெரிந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். மார்பு முழுவதையும் எடுக்கும்போது மட்டும், பின்னால் சோதிக்க வழியில்லாமற் போகும் என்பதால், ஒன்றிரண்டு கணுக்களை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

முழுத் திசுவின் சீட்டு பின்னர் வந்தது. அளவு 11 மில்லிமீட்டர், கிரேடு முன்போலவே, சவ்வைத் தாண்டியது எதுவுமில்லை, விளிம்பு நான்கு மில்லிமீட்டர். விளிம்பு என்பது, நோயின் ஓரத்துக்கும் வெட்டிய ஓரத்துக்கும் இடையே உள்ள நல்ல திசுவின் அளவு. கதிர் சிகிச்சை பெறப் போகிறவர்களுக்கு இரண்டு மில்லிமீட்டர் போதும் என்பது 2016ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் ஒப்பிய அளவு. கதிர் வேண்டாம் என்போருக்குச் சற்று அதிகமாக இருத்தல் நலம்.

இப்போது கதிர் சிகிச்சை வேண்டுமா என்பதே கேள்வி. அண்ணியாரைப் போன்றோரையே சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. தாழ்ந்த அல்லது இடைப்பட்ட கிரேடு, இரண்டரை சென்டிமீட்டருக்குள் அளவு, மூன்று மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட விளிம்பு உடைய 636 பெண்கள் அதில் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுக் கணக்கு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதிர் பெறாதவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கும், பெற்றவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பிற்று.

மருத்துவர் ஒரு தாளில் நூறு புள்ளிகளை இட்டு இதை விளக்கினார். நூறு பேருக்கும் கதிர் அளித்தால், எட்டுப் பேருக்கு நோய் திரும்புவது தடுக்கப்படும். ஏழு பேருக்கு அளித்தும் திரும்பும். எஞ்சிய எண்பத்தைந்து பேருக்கு, கதிர் அளிக்காவிட்டாலும் திரும்பியிராது. அந்த எண்பத்தைந்து பேரும் பயனின்றியே வாரம் ஐந்து நாளாக மூன்று வாரத்துக்கு மேல் அலைந்து, தோல் சிவந்து, சோர்வுற்றவர்கள். இடது மார்பாயின் இதயத்துக்கும் சிறு அளவில் கதிர் படக்கூடும். மிகைச் சிகிச்சை என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. திரும்பும் நோயில் ஏறத்தாழப் பாதி மறுபடியும் பூஜ்ய நிலையாகவே இருக்கும். மற்றப் பாதி பரவும் வகையாக இருக்கும். எனினும் கதிர் சிகிச்சையால் மார்பகப் புற்று மரணம் குறைந்ததாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை என்பதையும் அவர் சொன்னார்.

அண்ணியார் தாளை நெடுநேரம் பார்த்திருந்தார். "அந்த எட்டுப் பேரில் நான் ஒருத்தியா, டாக்டர்?" என்று கேட்டார். "அதைச் சொல்ல எனக்கு வழியில்லை, அம்மா. உங்களுக்கு எதனால் மன அமைதி உண்டாகும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்பது விடை. அண்ணியார் கதிரை வேண்டாம் என்றார். ஐந்தாண்டுக்குத் தமாக்சிஃபென் மாத்திரை உண்ணவும், ஆண்டுதோறும் படமெடுக்கவும் ஒப்பினார். மாதவிலக்கு நின்ற பின் உதிரம் கண்டாலோ, கால் திடீரென வீங்கி வலித்தாலோ உடனே வர வேண்டும் என்று மருத்துவர் அம்மாத்திரைக்காக எச்சரித்து அனுப்பினார். இன்னொருவர் அதே தாளைப் பார்த்து, எட்டில் ஒருவராக இருக்கக் கூடுமென அஞ்சிக் கதிரை ஏற்றிருக்கலாம். அதுவும் தவறன்று.

இதைப் படிக்கும் சகோதரிமார் ஒன்றை மறவாமல் மனத்தில் இருத்த வேண்டும். மேலே சொன்ன விவாதமெல்லாம், ஒரு குறையும் தெரியாதபோது படத்தில் மட்டும் அகப்பட்ட, சாதுவான கிரேடு உடைய நோயைப் பற்றியது. கையில் கட்டி தட்டுப்பட்டவர்களையும், காம்பிலிருந்து உதிரம் கசிந்தவர்களையும் காமெட் ஆராய்ச்சியில் சேர்க்கவே இல்லை. உயர்ந்த கிரேடு உடையவர்களையும் சேர்க்கவில்லை. திருப்பதியில் நமக்குத் தெரிந்த 44 வயது அம்மையார் ஒருவருக்குக் காம்பில் உதிரக் கசிவு இருந்தது. ஊசிச் சோதனையில் உயர்ந்த கிரேடு டி.சி.ஐ.எஸ். என்று வந்தது. "ஜீரோவுக்கு அறுவை வேண்டாமென்று அமெரிக்காவிலேயே சொல்லிவிட்டார்களாம்" என்று உறவினர் ஒருவர் அவரைத் தடுக்கப் பார்த்தார். அண்ணியாருக்குச் சொன்ன நியாயம் இவருக்குப் பொருந்தாது. நல்லவேளையாக அவர் அறுவைக்குச் சென்றார். எடுத்த திசுவில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சவ்வைத் தாண்டிய புற்று இருந்தது. பூஜ்யம் அன்றே ஒன்றாகிவிட்டது.

நம் நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் மாமோகிராம் எடுக்கும் திட்டம் கிடையாது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையால் சோதிப்பதே அரசின் திட்டம். ஆகவே இங்குள்ளோர் பெரும்பாலும் கட்டி வளர்ந்த பின்னரே வருகிறார்கள். பூஜ்ய நிலை இங்கே அரிது. மேனாட்டார் மிகைச் சிகிச்சையால் வருந்தும்போது நம் ஊரில் தாமதமே பெரும் துன்பம். கைச் சோதனையை எளிதாக எண்ண வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையார் 1998 முதல் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கொரு முறை கையால் சோதித்ததனால், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்தது. இதை 2021ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

கடைசியாக, சீட்டைக் கையில் வாங்கியவர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் காண்பதிலும் வல்லுநர்கள் வேறுபடுவதுண்டு. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 115 வல்லுநர்களிடம் ஒரே வகைத் தகடுகளைக் கொடுத்துப் பார்த்ததில், டி.சி.ஐ.எஸ். தகடுகளில் நூற்றுக்கு 84 முறையே அவர்கள் மூத்த அறிஞர் குழுவின் முடிவோடு ஒத்துப்போனார்கள். பரவும் புற்றிலோ 96 முறை ஒத்தார்கள். பூஜ்ய நிலை அவசர ஆபத்தன்று. சில வாரங்கள் எண்ணிப் பார்க்க இடமுண்டு. ஆதலால் திசுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி, வேலூரிலோ, 2022ஆம் ஆண்டில் திருப்பதியில் டாடா அறக்கட்டளையின் துணையோடு திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையிலோ மறுமுறை காட்டுவதில் தவறில்லை. அங்கே கேட்க வேண்டியவை நான்கே: கிரேடு என்ன? சவ்வைத் தாண்டியது எங்கேனும் உண்டா? விளிம்பு எத்தனை மில்லிமீட்டர்? என்னைப் போன்ற நூறு பேரில் இச்சிகிச்சையால் பயன் பெறுவோர் எத்தனை பேர்? இந்நான்கிற்கும் விடை கிடைத்த பின், அறுப்பதோ கண்காணிப்பதோ, அப்பெண்மணியே தீர்மானிக்கட்டும்.